பெண்கள் தினம்: பாக்கெட் வைத்துத் தைக்கிறோம்

இந்த வருடம் மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தையல் கடைக்கு லீவு. சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறோம். மற்றதெல்லாம் 9-ஆம் தேதி திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் நடக்கும்.

போன வருடம் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தோம். பத்து சதவீதம் தள்ளுபடியும் போட்டோம். சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது பாதிப் பூ கடை வாசலிலேயே கிடந்தது. அன்றைக்கு வந்த ஒரு அக்கா அண்டி ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தார். விரலெல்லாம் முந்திரித் தோட்டெண்ணெய்க் கறுப்பு. பூவை வாங்கி வைத்துக்கொண்டு, “மக்களே, பூ இருக்கட்டு, இந்த ஜம்பருக்குக் கை தூக்க முடியல்ல, அதைக் கொஞ்சம் பாரு” என்றார். அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று அன்று முதல் மனதில் கிடக்கிறது.

அதனால் இந்த மார்ச்சில் பூவும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. கீழே சொல்பவை எல்லாம் மார்ச் 9 முதல் நம் கடையின் வழக்கம். மாதம் முடிந்ததும் எடுத்துவிட மாட்டோம்.

முதலில் பாக்கெட். சுடிதார், குர்த்தி, நைட்டி, உள்பாவாடை, எது தைக்கக் கொடுத்தாலும் பாக்கெட் வைத்துத்தான் தருவோம், வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் தவிர. அதற்காகக் கூலியைக் கூட்ட மாட்டோம். பெயருக்கு ஒரு பாக்கெட் அல்ல: ஒன்பது அங்குல ஆழம், கை தாராளமாகப் போக ஆறு அங்குல வாய். இன்றைய பெரிய போனும் உள்ளே நிற்கும், குனிந்தால் வெளியே விழாது. மெல்லிய துணியில் பாக்கெட் வைத்தால் போன் கனத்தில் பக்கத் தையல் இழுத்துக்கொண்டு தொங்கும் என்று பலரும் வேண்டாம் என்பார்கள். அது உண்மைதான். அதற்காகப் பாக்கெட்டின் மேல்முனையை ஒரு நாடாவால் இடுப்புத் தையலோடு சேர்த்துப் பிடிக்கிறோம், கனத்தை இடுப்பு தாங்கிக்கொள்ளும். உள்பாவாடையில் வைப்பது ஜிப் போட்ட பாக்கெட். சந்தைக்கு மீன் எடுக்க வருகிறவர்கள் பர்சை இடுப்பில் செருகிக்கொண்டு நெரிசலில் கையை அதன் மேலேயே வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற ஒரு அம்மா, நெற்றி விளக்கு வைக்க நைட்டியில் தனியாக ஒரு பை கேட்டார். அதற்கும் இப்போது ஒரு அளவு வைத்திருக்கிறோம்.

அடுத்தது கை தூக்கும் விஷயம். பிளவுஸ் கை இழுப்பதற்குக் கை சின்னது என்பது மட்டும் காரணம் இல்லை. பெரும்பாலும் கைக்குழி வெட்டியதில்தான் கோளாறு. கைக்குழியை ஆழமாக இறக்கி வெட்டினால் நிற்கும்போது அழகாக இருக்கும், கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுவதும் மேலே ஏறும். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பிளவுஸ் என்று சொல்லிக் கொடுங்கள். கைக்குழியை ஏற்றி வெட்டி, அக்குளுக்கு அடியில் ஒரு சின்ன சதுரத் துண்டு வைத்துத் தருகிறோம். கொடியில் துணி போடும்போதும், பஸ்ஸில் கம்பி பிடிக்கும்போதும், போர்டில் எழுதும்போதும் வித்தியாசம் தெரியும். அளவு எடுக்கும்போதே கையை மேலே தூக்கச் சொல்வோம், உட்காரச் சொல்வோம். சிரிக்காமல் செய்யுங்கள்.

பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கிறோம். பிள்ளை பெற்ற பிறகோ, தைராய்டு கோளாறாலோ, வயதாலோ உடம்பு மாறும். அதற்காக ஒரு நல்ல பட்டு பிளவுஸைப் பெட்டிக்குள் போட வேண்டியதில்லை. நாங்கள் தைத்ததை ஒரு வருடத்துக்குள் எத்தனை தடவை கொண்டுவந்தாலும் பிரித்து விட்டுத் தருவோம், காசு வாங்க மாட்டோம். “அக்கா, ரொம்ப வெயிட் போட்டாச்சே” என்று எங்கள் கடையில் யாரும் சொல்லக் கூடாது என்பதையும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம். யாராவது சொன்னால் என்னிடம் சொல்லுங்கள்.

உங்கள் அளவு உங்களுடையது. இனி அளவு எடுத்ததும் ஒரு அட்டையில் எழுதி உங்கள் கையில் தருவோம், கைக்குழி, கழுத்து இறக்கம், பிடி வரை எல்லாம். கல்யாணமாகி வேறு ஊர் போனாலும், நாளைக்கு எங்களைவிட நன்றாகத் தைக்கிற கடை கிடைத்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அளவு பிளவுஸைத் தொலைத்துவிட்டோம் என்று யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போய் வருகிற பெண்கள் இந்தப் பக்கம் நிறைய. ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவர் மூன்று மாதம் நைட்டி மேல் துவர்த்து போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்ததாகச் சொன்னார். போட்டுக்கொள்ள ஒரு பிளவுஸ் இல்லை என்பதுதான் காரணம். பிறகு அவரிடமே கேட்டுக் கேட்டுத் தைத்துப் பழகினோம். மெல்லிய பருத்தியில் முன்பக்கம் திறக்கும் பிளவுஸ், தழும்பின் மேல் தையல் வராத வெட்டு, உள்ளே பேட் வைக்க இரண்டு பக்கமும் பருத்திப் பை. சிலருக்கு ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கும், அதனால் இரண்டு கையையும் தனித்தனியாக அளந்து, வீங்கிய கைக்குத் தளர்வாகத் தைக்கிறோம். இதற்குக் கூலி இல்லை, துணி மட்டும் கொண்டுவந்தால் போதும். கதவு உள்ள அறையில் பெண்தான் அளவு எடுப்பார். கடைக்கு வர மனசில்லை என்றால் வீட்டுக்கு வருகிறோம், தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளை என்றாலும் கேரளப் பக்கம் பாறசாலை என்றாலும் ஒன்றுதான். யாரிடமும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம், “முன் திறப்பு பிளவுஸ்” என்று சொன்னாலே எங்களுக்குப் புரியும்.

பெண்கள் தினத்துக்கு ஒரு தையல் கடை இவ்வளவு பேச வேண்டுமா என்று தோன்றலாம். பேச வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நாம் நிற்கிற மண் அப்படி. இதெல்லாம் திருவிதாங்கூராக இருந்த காலத்தில் நாடார் பெண்களும், கீழே வைக்கப்பட்ட வேறு பல சாதிப் பெண்களும் மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சின்னச் சட்டையைப் போட்டதற்கும், தோளில் சீலை போட்டதற்கும் சந்தையில் வைத்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். பல பத்து வருடம் நடந்த தோள்சீலைப் போராட்டம் அது. 1859 ஜூலை 26-ஆம் தேதிதான் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். இன்றைக்கு எங்கள் மேசை மேல் வந்து குவிகிற ஒவ்வொரு பிளவுஸும் இங்கே ஒரு காலத்தில் அடிபட்டு வாங்கியது. அதை ஏனோதானோ என்று வெட்ட எனக்குக் கை வராது.

இன்னொரு தேதியும் தையல்காரர்கள் மறக்கக் கூடாதது. 1910-ல் கோபன்ஹேகனில் நடந்த மாநாட்டில் கிளாரா ஜெட்கின் பெண்களுக்கு ஒரு நாள் வேண்டும் என்று கேட்டு, 1911 மார்ச் 19-ல் ஐரோப்பாவில் சில நாடுகளில் முதல் பெண்கள் தினம் நடந்தது. ஆறு நாள் கழித்து, மார்ச் 25-ல், நியூயார்க்கில் பெண்களுக்கான மேல்சட்டை தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியே போகிற கதவு ஒன்று பூட்டியிருந்தது. இதைப் படித்த அன்றைக்கு எங்கள் பின்வாசலைப் போய்ப் பார்த்தேன். வெட்டுத்துணி மூட்டை ஆறு அடுக்கி, கதவையே காணோம். அன்றே எடுத்தோம். வேலை நேரத்தில் இனி அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை.

சரி, தைக்கிறவர்கள் பற்றி. கடையில் ஐந்து பெண்கள் தைக்கிறார்கள், பீஸ் கணக்கில். லைனிங் பிளவுஸுக்கு நீங்கள் தருகிற கூலி 380 ரூபாய். அதில் தைப்பவருக்கு இதுவரை 170 போனது. மார்ச் 9 முதல் 210. உங்களிடம் கூட்டி வாங்கவில்லை. பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது தள்ளுபடிக்கும் பேனருக்கும் போன காசு அதற்குப் போதும் என்று தெரிந்தது. இந்தக் கணக்கு கவுண்டருக்குப் பின்னால் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். கவுண்டரில் நிற்கிற தங்கச்சிக்கு முதுகு சாய்க்கும் நாற்காலி போட்டாச்சு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021-ல். எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் அது உரிமைதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றே இருந்தேன், அந்தக் கால்வலி இன்னும் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது அவள் எழுந்து நிற்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

இதில் உங்களிடம் ஒரு உதவி வேண்டும். ஏப்ரல் 5 ஈஸ்டர், அப்புறம் விஷு. வருடா வருடம் இந்த நேரத்தில் அக்காமார் இரவு பதினொன்று வரை மெஷினில் இருப்பார்கள், வீட்டில் பிள்ளைகள் சோறு இல்லாமல் தூங்கிவிடும். இந்த வருடம் ஏழு மணிக்கு மெஷின் நிற்கும். அதனால் ஈஸ்டருக்கு வேண்டியதை மார்ச் 21-க்குள் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதை விஷுவுக்குத்தான் தர முடியும். தேதி சொன்னால் அந்தத் தேதியில் தருவோம்.

கடைசியாக, வீட்டில் மெஷின் சும்மா கிடக்கிறவர்களுக்கு. சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் நான்கரை வரை ஆறு பேருக்கு இடம் உண்டு, காசு இல்லை. பிளவுஸ் கட்டிங் சொல்லித் தருகிறோம் என்று பொய் சொல்ல மாட்டேன், அது மாதக்கணக்கில் ஆகும். ஹெம் அடிப்பது, கொக்கி கட்டுவது, ஜிப் மாற்றுவது, பக்கத் தையல் பிரித்து விடுவது, இவை நாலு சனிக்கிழமையில் கைக்கு வரும். பிள்ளைகளின் யூனிபார்ம் வேலை வீட்டிலேயே முடியும், அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குச் செய்துகொடுத்தால் கையில் கொஞ்சம் காசும் நிற்கும். மெஷின் நூல் அறுக்கிறது, தையல் விடுகிறது என்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஊசியைக் கழற்றி, பாபின் கேஸோடு கொண்டுவாருங்கள். பாதிக் கோளாறு வளைந்த ஊசியிலும் பாபின் கேஸில் சிக்கிய பஞ்சிலும்தான் இருக்கும்.

முதல் வகுப்பு மார்ச் 14. பெயர் கொடுக்க இந்தப் பக்கத்தில் செய்தி அனுப்பினால் போதும். சின்னப் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், வெட்டுத்துணி மூட்டைகள் இருந்த இடத்தில் இப்போது பாய் விரித்திருக்கிறோம்.