முதலாண்டு மதிப்பீடு: உச்சிப்புளி நண்டுக்கூட மேலாளர்

காலம்: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை
எழுதுபவர்: உற்பத்திப் பொறுப்பாளர், தூத்துக்குடி ஆலை
பார்வைக்கு: நிர்வாக இயக்குநர், கணக்குப் பிரிவு. நகல் மேலாளருக்கு.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இவரைப் பணியில் நிரந்தரம் செய்யலாம். ஊதிய உயர்வில் முழு விகிதம் வேண்டாம், முக்கால் பங்கு போதும். மீதி கால் பங்கு எதற்காக நிற்கிறது என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். இதில் உள்ள எதையும் அவரிடம் நேரில் சொல்லாமல் எழுதவில்லை. ஜூன் கடைசி வாரம் இரண்டு நாள் கூடத்திலேயே இருந்து பேசிவிட்டேன்.

கணக்குப் பிரிவு முதலில் பார்க்கப்போவது கொள்முதலைத்தான். இலக்கு 210 டன், வந்தது 188. தாளில் இது தோல்வி. ஆனால் 22 டன் குறைவில் 15 டன் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள இரண்டரை மாதத்தில் போனது. மிச்சம் ஏப்ரலில் போனது. ஏப்ரலுக்கு அவர் பொறுப்பில்லை. அமெரிக்க வரி அறிவிப்பு வந்ததும் கொள்முதலை அடக்கி வாசிக்கச் சொன்னது நாம்தான். அக்டோபர் முழுக்க முழுக்க அவர் கணக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆண்டின் கதையே அதில் இருக்கிறது.

நம் கரையில் இரண்டு கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் புரண்டு கிடக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ். நண்டு வலை போடும் நாட்டுப் படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கரை மாறுவார்கள். ஐஸ் வண்டியும் அவர்களோடு மாற வேண்டும். மேலாளர் ஜூலையில் சேர்ந்தபோது நண்டு தேவிபட்டினம், மண்டபம் வடக்குப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாத எடைச்சீட்டை வைத்து அழகாக ஓர் அட்டவணை போட்டார். எந்தக் கரைக்கு எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு வண்டி என்று எல்லாம் இருந்தது. பார்த்து நானே பாராட்டினேன். அக்டோபரில் வாடை திரும்பியது. படகுகள் பாம்பன் தெற்குவாடி, வேதாளை, புதுமடம் பக்கம் போய்விட்டன. நம் வண்டிகள் அட்டவணைப்படி வடக்கே காத்துக்கொண்டிருந்தன. தெற்கே இறங்கிய நண்டை வேறு வியாபாரிகள் எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் 19 நாள் கழித்துத்தான் வண்டியை மாற்றினார். அதற்குள் மூன்று ஏஜென்ட்டுகள் அடுத்தவரிடம் முன்பணம் வாங்கிவிட்டார்கள். முன்பணம் கைமாறினால் அந்தப் படகு அந்த ஆண்டுக்கு நமக்கில்லை.

வண்டி ஓட்டுநர்களுக்கு இது முன்பே தெரியும். "ஏன் சொல்லவில்லை?" என்று நான் கேட்டேன். ஒருவர் சொன்னார்: "சார் சீட்டுல எழுதிக் குடுத்துருக்காரு, நாங்க எதுக்குண்ணே பேசணும்?" சேர்ந்த முதல் மாதமே, அட்டவணையை மீறி வண்டியைத் திருப்பிய ஓட்டுநருக்கு அவர் விளக்கக் கடிதம் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தின் விலை 15 டன் என்று அவரிடமே சொன்னேன். மறுக்கவில்லை.

இந்த மே மாதம் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கச்சான் வலுப்பதற்கு ஒரு வாரம் முன்பே வடக்குப் பக்கம் ஐஸ் பெட்டி இறங்கிவிட்டது. நான் போன் செய்து கேட்டபோது, "தொண்டிப் பக்கம் ரெண்டு படகு ஏற்கனவே போயாச்சுண்ணே, ஓட்டுநர் சொன்னாரு" என்றார். அட்டவணை இன்னமும் இருக்கிறது. ஆனால் இப்போது பென்சிலில் எழுதுகிறார்.

அடுத்தது கூடத்துக்குள் நடந்தது. நம் ஆலைக்கு வரும் சதையில் ஓட்டுத் துணுக்கு அதிகம் என்று நாம்தான் ஆகஸ்டில் அவரை நெருக்கினோம். அவர் செய்தது: ஒரு துணுக்குக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்தம். செப்டம்பரில் துணுக்குப் புகார் பாதியாகக் குறைந்தது. நாமும் மகிழ்ந்தோம். அதே மாதம் 100 கிலோ வெந்த நண்டுக்கு 27 கிலோவாக இருந்த சதை 24 ஆக இறங்கியதை நாம் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு.

என்ன நடந்தது என்பதை மேசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். 20 வருடமாகச் சதை எடுக்கும் ஓர் அக்கா எனக்குக் காட்டினார். துடுப்புக்கால் மூட்டுக்கு அடியில்தான் ஜம்போ சதை இருக்கிறது. அதை முழுதாக உருவ வேண்டுமென்றால் கத்தி முனையை மெல்லிய ஓட்டுத் தடுப்புக்குள் விட்டு, கட்டைவிரலால் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது தடுப்பு உடைந்து துணுக்கு ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. பிடித்தம் வந்ததும் பெண்கள் கத்தியை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதையே விட்டார்கள். மேலாக வருவதை எடுத்துவிட்டு மிச்சத்தை ஓட்டோடு கூடையில் போட்டார்கள். ஒரு நண்டில் நல்ல விலை போகும் சதை குப்பைக்குப் போனது. கூலி கிலோக் கணக்கு என்பதால் அவர்களுக்கும் நஷ்டம். ஜூலையில் 46 பேர் இருந்த இடத்தில் அக்டோபர் கடைசியில் 31 பேர். சிலர் பாசி எடுக்கப் போனார்கள், சிலர் வேறு நண்டு கம்பெனிக்குப் போனார்கள்.

இதைச் சரிசெய்த விதத்துக்கு அவருக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன். நவம்பர் முதல் வாரம் மூன்று நாள் அவரே கத்தி பிடித்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் அவர் எடுத்தது ஒன்றே கால் கிலோ, பக்கத்தில் இருந்தவர் ஏழு கிலோ. நான்காம் நாள் பிடித்தத்தை நிறுத்தி, ஏற்கனவே பிடித்த பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். மேசைக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டினார். கடைசியில் புற ஊதா விளக்கடியில் இரண்டு பேரை உட்கார வைத்து, துணுக்கை அங்கே பிடிக்கச் செய்தார். அந்த விளக்கில் ஓடு நீலமாக மின்னும், சதையிலிருந்து தனியாகத் தெரியும். இப்போது சதை 28 கிலோ. துணுக்குப் புகார் செப்டம்பர் அளவுக்குக் குறையவில்லை, ஆனால் ஏற்கத்தக்க அளவில் இருக்கிறது. ஜூன் முடிவில் 44 பேர் வேலையில் இருக்கிறார்கள். போனவர்களில் ஒன்பது பேர் திரும்பி வந்தவர்கள்.

நவம்பர் 20 பற்றித் தனியாக எழுத வேண்டும். அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் கூடத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் கொட்டகைக்குள்ளும் தண்ணீர் ஏறியது. குளிரறை வெப்பநிலை 11 டிகிரி வரை போனதைப் பதிவேட்டில் அவரே எழுதி வைத்திருக்கிறார். உள்ளே 180 கிலோ சதை. ஐஸைக் கொட்டி ஆலைக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தார், என்னைக் கேட்காமல். செய்தி எனக்கு வந்த அன்று மாலை கோபம்தான் வந்தது. இரவு பதிவேட்டின் படத்தைப் பார்த்த பிறகு அந்தக் கோபத்துக்கு வேலை இல்லை. இந்த 180 கிலோவை அவருடைய நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம் என்று கணக்குப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறேன். புதைத்த கையோடு வேனை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஏழு பெண்களின் குடும்பங்களைக் கூடத்து மாடியில் தங்க வைத்திருக்கிறார். இதை அவர் அறிக்கையில் எழுதவில்லை. சமையல் செய்யும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்ச்சில் நோன்பு வந்தது. கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் நோன்பு வைப்பவர்கள். பிப்ரவரியிலேயே அவர்களிடம் கேட்டு, சஹர் முடிந்ததும் வேலை தொடங்கிப் பகல் 11 மணிக்குள் முடியும்படி மாற்றினார். அந்த மாதம் வருகை குறையவில்லை. முந்தின ஆண்டு இதே மாதம் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கூடத்தின் மனநிலை எப்படி என்று கேட்டால், பெண்கள் அவரை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தம்பி, மகன் என்றெல்லாம் யாரும் உருகவில்லை. அது குறை என்று நான் நினைக்கவில்லை. நான் இருந்த இரண்டு நாளில், எடை போடும்போது தராசு முள்ளை எட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சென்ற செப்டம்பரில் எல்லோருமே எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

சரி, குறைகள். பெரியது ஒன்று: மேற்பார்வையாளர் அண்ணன். 14 வருடம் கூடத்தை நடத்தியவர், மேலாளர் பதவி தனக்கு வரும் என்று இருந்தவர். அவரைத் தாண்டிப் பெண்களிடமும் ஓட்டுநர்களிடமும் மேலாளர் நேராகப் பேசிவிடுகிறார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஓராண்டாக அந்த மனிதருக்குச் சாவிக்கொத்தைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஏஜென்ட்டுகளின் முன்பணக் கணக்கு அந்த அண்ணனின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் அக்டோபர் மறுபடி நடக்கும்.

சின்னது இன்னொன்று. கெட்ட செய்தியை அவர் தாமதமாகச் சொல்கிறார். மூன்று ஏஜென்ட்டுகள் போனது எனக்கு மாதக் கணக்கு பார்த்துத்தான் தெரிந்தது. சரிசெய்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாராம். இளம் வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன், அதனால் இதை அதிகம் நீட்டவில்லை.

கற்றுக்கொண்ட வேகத்தை எப்படி அளப்பது? முதல் நான்கு மாதம் மெதுவாக என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்கவே இல்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், கோயம்புத்தூர்க்காரர். குளிரூட்டல், பதிவேடு, சுத்தம் எல்லாம் வந்த நாளிலேயே நம்மைவிட நன்றாகத் தெரியும். கடலும் ஆளும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியவில்லை. நவம்பருக்குப் பிறகு செய்த தவறு எதையும் அவர் இரண்டாம் முறை செய்ததாக என் குறிப்பேட்டில் இல்லை. ஒரு வாடை, ஒரு கச்சான் பார்த்துவிட்டார். இன்னொரு வாடை பார்க்க வேண்டும்.

நிறுத்தி வைக்கும் கால் பங்குக்கு இரண்டு வேலை. செப்டம்பருக்குள் முன்பணக் கணக்கு முழுவதும் மேற்பார்வையாளரோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதப்பட வேண்டும், இருவர் கையெழுத்தோடு. ஏஜென்ட் பேச்சுவார்த்தை அந்த அண்ணனின் பொறுப்பு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்கான படி உயர்வை நான் பரிந்துரைக்கிறேன். இரண்டும் முடிந்தால் பிடித்து வைத்ததை ஜூலையிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்துவிடலாம்.

அடுத்த ஆண்டு இலக்கை 200 டன்னாக வைக்கச் சொல்கிறேன். வாடை திரும்பும் வாரம் நான் தெற்குவாடியில் இருப்பேன். நம் ஐஸ் வண்டி எனக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும்.