உறுப்பினர் தள டேட்டாபேஸ் இடமாற்றம்: கூட்டக் குறிப்புகள், நடந்த தேதி வரிசையில்

வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே படிப்பதற்காக.

கையில் இருந்தவை: பிப்ரவரி 27, மார்ச் 18, 19, 22 கூட்டங்களின் குறிப்புகள், இரவுப் பணியில் இருந்தவர் தாளில் கிறுக்கி வைத்த நேரங்கள், தேதியில்லாத ஒரு வெள்ளைப்பலகைப் படம். இவை எல்லாமே பேசப்பட்ட வரிசையில்தான் இருந்தன. இங்கே ஒவ்வொன்றையும் அது நடந்த நாளுக்கு நகர்த்தியிருக்கிறேன். எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்பது அடைப்புக்குறிக்குள் உள்ளது. நேரங்கள் அனைத்தும் நம் உள்ளூர் நேரம். டிக்கெட் அமைப்பு மட்டும் யூ.டி.சி. நேரத்தில் பதிவு செய்கிறது. அது நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. அதனால் எழுந்த ஒரு குழப்பம் மார்ச் 17-இல் வருகிறது, அதை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

2021 ஆகஸ்ட்
பழைய சர்வரில் அட்டவணைகளின் எழுத்துக்குறியீடு latin1-இலிருந்து utf8-க்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்பு latin1 என்று பெயரிட்ட அட்டவணைக்குள் தமிழின் utf8 பைட்டுகள் அப்படியே கிடந்தன. அந்த நிலையில் பேக்கப் ஸ்கிரிப்டில் கீழ்க்கண்ட அமைப்பு இருந்தது சரியே. அது இல்லாவிட்டால்தான் எழுத்து கெட்டிருக்கும்.

```
mysqldump --default-character-set=latin1
```

அட்டவணை மாறியது, ஸ்கிரிப்ட் மாறவில்லை. (மார்ச் 22 குறிப்பின் கடைசி வரி. எல்லாவற்றுக்கும் முந்தைய சம்பவம் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் நம் காதுக்கு வந்தது.)

2024 ஜனவரி 23, செவ்வாய்
ஒத்திகை. கட்டண அட்டவணை மட்டும் புது சர்வருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அதில் எண்களும் ஆங்கிலக் குறியீடுகளும் தவிர வேறில்லை. "வெற்றி" என்று பதிவு. (பிப்ரவரி 27)

பிப்ரவரி 27, செவ்வாய்
திட்டக் கூட்டம். மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால் இனியும் தள்ளிப்போட முடியாது என்று முடிவு. மார்ச் 16 சனி இரவு குறிக்கப்பட்டது. சோதனை அணி கேட்ட கேள்வி: "தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணையை ஓட்டிப் பார்த்தோமா?" பதிலாகப் பதிவாகியிருப்பது "பார்க்க வேண்டும்" என்ற இரண்டு சொற்கள். யார், எப்போது என்பது இல்லை. அதன் பிறகு எந்தக் குறிப்பிலும் இந்தக் கேள்வி தலைகாட்டவில்லை.

மார்ச் 12, செவ்வாய்
பழைய சர்வரின் வட்டை மார்ச் 18 காலை அழிக்கும்படி கோரிக்கை போடப்பட்டது. (மார்ச் 19)

மார்ச் 16, சனி
22:00 தளம் மூடப்பட்டது.
22:20 பழைய ஸ்கிரிப்டால் டம்ப் எடுக்கத் தொடங்கினார்கள். 23:35-க்கு முடிந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. latin1-இல் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது என்பதால் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு சர்வர் மேலே போய்விட்டது.
23:50 புது சர்வரில் ஏற்றும் பணி தொடக்கம். (மூன்று வரிகளும் இரவுப் பணியாளரின் தாள்)

மார்ச் 17, ஞாயிறு
02:10 ஏற்றி முடிந்தது. இரு பக்கமும் வரிசைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்ததால் தாளில் "எல்லாம் சரி". எண்ணிக்கை சரிதான், உள்ளே இருந்த எழுத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

02:40 தளம் திறக்கப்பட்டது.

06:55 முதல் புகார்: "என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியாக இருக்கிறது."
மார்ச் 18 குறிப்பு இந்த நேரத்தை 01:25 என்கிறது. அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் நடந்த வாக்குவாதமும் அதன் மேல்தான் நின்றது: தளம் திறக்கும் முன்பே புகார் வந்திருக்கிறது, ஆகவே பழுது பழைய சர்வரில் முன்பே இருந்தது என்று. ஆனால் 01:25-க்குத் தளம் மூடிக் கிடந்தது. யாரும் தன் பெயரைப் பார்த்திருக்கவே முடியாது. டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன், அது யூ.டி.சி. நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் 06:55. ஆகவே "பழைய தரவே கெட்டிருந்தது" என்ற முடிவுக்கு இனி ஆதாரம் இல்லை. அதை மார்ச் 18 குறிப்பிலும் திருத்த வேண்டும்.

08:30 புகார்கள் கூடின. எழுத்துரு சிக்கல் என்று நினைத்து, பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல்லி சப்போர்ட் அணி பதில் அனுப்பியது. (மார்ச் 18)

09:15 செயலி அணி தரவையே பார்த்தது:

```
SELECT HEX(name) FROM members LIMIT 5;
```

வந்தது 3F3F3F. 3F என்பது கேள்விக்குறியின் பைட். எழுத்துரு மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் தமிழ் எழுத்துகளுக்குரிய E0AE, E0AF என்ற தொடக்கங்கள் தெரிந்திருக்கும். புது சர்வரில் பெயர்கள் இல்லை என்பது இங்கேதான் உறுதியானது. (வெள்ளைப்பலகைப் படம். தேதி இல்லை, இதே பதினாறெண் மார்ச் 18 குறிப்பில் "காலை பலகையில் எழுதியது" என்று வருவதால் இங்கே வைத்தேன்.)

10:05 புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன.

10:40 பழைய சர்வரை அழிக்கும் கோரிக்கை ரத்து. மறுநாள் காலை அது நிறைவேறியிருந்தால் பெயர்களை மீட்க நம்மிடம் வேறு மூலம் இருந்திருக்காது. இரவு பேக்கப்புகளும் அதே ஸ்கிரிப்டில்தான் 2021 முதல் எடுக்கப்பட்டு வந்தன. ரத்து செய்யச் சொன்னது டேட்டாபேஸ் பொறுப்பாளர் என்கிறது மார்ச் 18 குறிப்பு, செயலி அணித் தலைவர் என்கிறது மார்ச் 19 குறிப்பு. இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

11:20 utf8mb4 அமைப்புடன் மறுபடி டம்ப். 16:10-க்கு ஏற்றி முடிந்தது. 02:40 முதல் 10:05 வரை உறுப்பினர்கள் புதிதாகச் சேர்த்தவை தனியே எடுத்து வைக்கப்பட்டு 17:30-க்கு இணைக்கப்பட்டன. 18:00 தளம் மீண்டும் முழுமையாகத் திறந்தது.

மார்ச் 18, திங்கள்
அவசரக் கூட்டம். மேலே சொன்ன தவறான நேரத்தோடு.

மார்ச் 19, செவ்வாய்
ஸ்கிரிப்ட் திருத்தப்பட்டது. அன்றிரவு எடுத்த பேக்கப்பை வேறோர் இடத்தில் ஏற்றி, பெயர்களின் பைட்டுகளைப் பார்த்து உறுதி செய்தார்கள். (மார்ச் 22)

மார்ச் 22, வெள்ளி
2021 மாற்றத்தைச் செய்தவர் அழைப்பில் இணைந்து அந்த விவரத்தைச் சொன்னார். அதுவரை "சனி இரவு யார் தவறான அமைப்பைப் போட்டது" என்றே தேடிக்கொண்டிருந்தோம். சனி இரவு யாரும் எதையும் போடவில்லை, ஏற்கெனவே இருந்ததை ஓட்டினார்கள்.

எந்தத் தேதியிலும் உட்காராதவை
"பயனர்களுக்கு மின்னஞ்சல் போயிற்று" என்று மார்ச் 19 குறிப்பில் ஒரு வரி. அனுப்பிய பெட்டியில் அப்படி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அனுப்பியவர் நேரத்தைச் சொன்னால் சேர்த்துவிடுகிறேன். போகவே இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், வெள்ளிக்கு முன் அனுப்பிவிடலாம்.

"இரண்டாவது தடவையும் கேட்டேன்" என்று வெள்ளைப்பலகையின் ஓரத்தில் ஒரு குறிப்பு. கையெழுத்து சோதனை அணியினுடையது போல் இருக்கிறது. பிப்ரவரி 27-க்கும் மார்ச் 16-க்கும் இடையில் தமிழ்ப் பெயர்களைப் பற்றி மறுபடி கேட்கப்பட்டதா என்பது இதைப் பொறுத்தது. எழுதியவர் வியாழன் மாலைக்குள் என்னிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள்.