கன்னியக்கோயில் குடோன் – பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

தேதி: 27.10.2025
பெறுபவர்: பிரகாஷ் (புது சூப்பர்வைசர்)
நகல்: முதலாளி, பில்லிங் செக்‌ஷன்

தம்பி பிரகாஷ்,

வெள்ளிக்கிழமை 31-ம் தேதி சாயங்காலம் சாவிக்கொத்து உங்க கைக்கு வந்துடும். நேர்ல பாதி சொல்லியாச்சு. ஆனா கேட்ல ரெண்டு லாரி நின்னு ஹாரன் அடிக்கும்போது வாயால சொன்னது எதுவும் ஞாபகம் வராது. அதனால எழுதியே தர்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. நம்ம குடோன் இருக்கிறது பாண்டிச்சேரி. சரக்குல முக்கால்வாசி போறது முள்ளோடை தாண்டி கடலூர் மாவட்டத்துக்கு. பத்து நிமிஷ தூரம்தான், ஆனா பேப்பர்ல அது வேற மாநிலம். இங்க வர்ற தலைவலியில பெரும்பாலானது இந்த ஒரு விஷயத்துலதான் ஆரம்பிக்கும்.

பாக்கி ஆர்டர்கள்

பண்ருட்டி டீலர்: 110 மி.மீ. 6 கிலோ பைப் 320 லெங்த் கேட்டார். 200 போயாச்சு, 120 பாக்கி. கம்பெனி லோடு வியாழக்கிழமை வரணும். வந்த உடனே ரேக்குல ஏத்தாதீங்க, அப்படியே அவர் வண்டிக்கு மாத்திடுங்க. அவர் விவசாயிகளுக்கு நாள் சொல்லி வச்சிருக்கார். அவர் போன்ல "நாலு இன்ச்"னுதான் சொல்வார், பில்லுல 110 மி.மீ.னு வரும். மத்த கடைக்காரங்களும் இன்ச்லதான் பேசுவாங்க: ரெண்டு இன்ச் 63, ரெண்டரை 75, மூணு 90. சைஸை மட்டும் கேட்டு விட்டுடாதீங்க, எத்தனை கிலோ பைப்புன்னும் கேளுங்க. 4 கிலோவும் 6 கிலோவும் தூரத்துலேர்ந்து பார்த்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். பைப் மேல அச்சடிச்ச எழுத்தைப் படிச்சு அனுப்புங்க.

சிதம்பரம் கடை: ஒண்ணரை எச்.பி. சப்மெர்சிபிள் ஆறு. நாலு கொடுத்தாச்சு, ரெண்டுக்கு முழு அட்வான்ஸ் வாங்கியிருக்கு. கோயம்புத்தூர்லேர்ந்து வந்ததும் பெட்டியில இருக்கிற சீரியல் நம்பர், மோட்டார் பாடியில இருக்கிற நம்பர், வாரண்டி கார்டு மூணும் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு அனுப்புங்க. போன தடவை ஒரு கார்டு மாறி வந்து, அதைச் சரிபண்ண கம்பெனிக்கு ஒரு மாசம் ஆச்சு. கடைக்காரர் பொறுமைசாலி, அதையே எப்பவும் நம்ப முடியாது.

லாஸ்பேட்டை அபார்ட்மெண்ட் காண்ட்ராக்டர்: டிரெயினேஜ் பைப்பும் ஃபிட்டிங்கும் மாடி மாடியா எடுத்துக்கிறார். ரெண்டு மாடி முடிஞ்சது, இன்னும் மூணு இருக்கு. சைட்ல யார் வேணும்னாலும் "நான் வாங்கிக்கிறேன் அண்ணே"ம்பாங்க. சைட் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம சலானை விடாதீங்க. பெண்ட் எண்ணிக்கையில ஏற்கெனவே ஒரு சச்சரவு ஓடிட்டிருக்கு: நம்ம சலான்ல 40, அவங்க நோட்ல 34. ஒரிஜினல் சலான் பச்சை ஃபைல்ல இருக்கு. பில் செட்டில் ஆகுறவரைக்கும் அது குடோனை விட்டு வெளியே போகக்கூடாது.

கடலூர் ஓ.டி. கயிறு பார்ட்டி: 18 காயில் கட்டி ரெடியா வடக்குச் சுவர் ஓரம் இருக்கு. பழைய பாக்கி நிக்கிறதால முதலாளி நிறுத்தி வச்சிருக்கார். அவர் சொல்லாம ஒரு காயில்கூட நகரக்கூடாது. ஆள் வந்து உட்கார்ந்து ரொம்ப நல்லாப் பேசுவார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. இந்தக் கயிறு வியாபாரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம பக்கம் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகெல்லாம் கரையேறி ரிப்பேர் பார்க்கிற சமயம் அதுதான். மே மாசக் கடைசியில கயிறும் பெயிண்ட்டும் இல்லைன்னு சொன்னா அந்த வருஷத்து வியாபாரமே போச்சு. ஏப்ரல் முதல் வாரத்துலயே ஆர்டர் போட்டுடுங்க.

குறிஞ்சிப்பாடி ரிட்டர்ன்: சொட்டுநீர் லேட்டரல் 8 ரோல் திரும்பி வந்திருக்கு. ஆகஸ்ட்ல 12 சதவீத வரியில போட்ட பில். செப்டம்பர் 22-லேர்ந்து அது 5 ஆயிடுச்சு. கிரெடிட் நோட் பழைய பில் நம்பரைக் காட்டி 12-லயே போகணும்னு பில்லிங்ல சொல்லிட்டேன், போடும்போது இன்னொரு தடவை பார்த்துக்கோங்க. அதே ரோலைத் திருப்பி வித்தா 5 சதவீதம்.

எல்லையும் இ-வே பில்லும்

கடலூர்ப் பக்கம் போற சரக்கு வரியோட சேர்த்து 50,000 ரூபாய் தாண்டினா இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டு டிரைவருங்க "ஒரு லட்சம் வரைக்கும் வேணாம் சார்"னு அடிச்சுச் சொல்வாங்க. அது தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுற சரக்குக்கு. நமக்கு அது பொருந்தாது. தூரம் கொஞ்சம்தானேன்னு வண்டி நம்பர் போடாம விடறதும் கூடாது, அந்த 50 கி.மீ. சலுகை ஒரே மாநிலத்துக்குள்ள மட்டும்தான். வண்டி மாறினா பார்ட் பி-யில புது நம்பரை ஏத்தின பிறகுதான் சரக்கை மாத்தணும். தப்பாப் போட்ட பில்லை 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணிடணும்.

பார்ட்டியோட ஜி.எஸ்.டி. நம்பர் 33-ல ஆரம்பிச்சா தமிழ்நாடு, 34-ன்னா பாண்டிச்சேரி. ரெண்டு பக்கமும் கடை வச்சிருக்கிறவங்க நாலு பேர் இருக்காங்க. ஆர்டர் எடுக்கும்போதே எந்த நம்பருக்கு பில்னு கேட்டுக்கோங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பில்லை மாத்தினா பில்லிங்ல இருக்கிற பொண்ணுக்கு பஸ் போயிடும்.

சரக்கு தர்றவங்க

பைப் கம்பெனி: சரக்கு சுத்தம், பில் சுத்தம். லாரி மட்டும் சொன்ன நேரத்துக்கு வராது. ஷார்ட்டோ டேமேஜோ இருந்தா டிரைவர் முன்னாடியே எல்.ஆர்.-ல எழுதி அவர் கையெழுத்தும் வாங்கணும். மூணு நாளுக்குள்ள போட்டோவோட மெயில் போகணும். இல்லைன்னா கிளெய்ம் கிடையாது.

ஆனா ஷார்ட்னு எழுதுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. இடத்தை மிச்சம் பண்ண 110-க்குள்ள 75, அதுக்குள்ள 50-னு சொருகித்தான் ஏத்தி அனுப்புவாங்க. மெயின்ரோட்ல டிராஃபிக்னு அவசரமா இறக்கினா உள்ளே இருக்கிறது அப்படியே ரேக்குக்குப் போயிடும். கம்ப்யூட்டர்ல 75 மி.மீ. அறுபது குறையும், குடோன்ல அது 110-க்குள்ள தூங்கிட்டிருக்கும். இறக்கி முடிச்ச உடனே ஒவ்வொரு அடுக்கையும் பின்பக்கத்துலேர்ந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளிச்சம் மறுமுனையில முழு வட்டமாத் தெரியணும். வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம் தெரிஞ்சா உள்ளே பைப் இருக்கு. தூக்கும்போதே எடை வித்தியாசம் மேஸ்திரி ஏழுமலைக்குத் தெரிஞ்சிடும், அவர் இல்லாத அன்னிக்கு டார்ச்தான்.

மோட்டார் கம்பெனி (கோயம்புத்தூர்): பேச்சு மரியாதையா இருக்கும், வேலை மெதுவா நடக்கும். பார்சல்ல நமக்குச் சரக்கு வந்து இறங்குற இடத்தை "மேட்டுப்பாளையம், புதுச்சேரி"ன்னு முழுசா எழுதச் சொல்லுங்க. வெறும் மேட்டுப்பாளையம்னு எழுதினா கோயம்புத்தூர்ப் பக்கத்து மேட்டுப்பாளையத்துல இறங்கிடும். ரெண்டு தடவை நம்ம சரக்கு ஊட்டி அடிவாரம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கு.

பைப் பசை (சென்னை): காலாவதிக்கு மூணு மாசம் மிச்சம் இருந்தாத்தான் திரும்ப எடுப்பாங்க. ஜனவரியில முடியுற 11 பெட்டி தனியா வச்சிருக்கேன், இந்த வாரமே எடுக்கச் சொல்லி எழுதுங்க. இன்வெர்ட்டர் இருக்கிற மூலைக்குப் பசையைக் கொண்டு போகாதீங்க, சீக்கிரம் தீப்பிடிக்கிற சாமான்.

பெயிண்ட், கயிறு தர்றவங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. எல்லா நம்பரும் ஆபீஸ் போன்ல இருக்கு.

தெரிஞ்ச கோளாறுகள்

மூணாவது பே-க்கு மேல ஷீட் ஒழுகுது. ஆணி போட்ட இடத்துல தார் பூசியிருக்கு, சாரல் மழைக்குத் தாங்கும், அடை மழைக்குத் தாங்காது. ஷீட் மாத்துறதுக்கு செப்டம்பர்லயே எஸ்டிமேட் கொடுத்தாச்சு, முதலாளி மேஜையில இருக்கு. மாத்துறவரைக்கும் அங்கே பிளாஸ்டிக் டேங்க் மட்டும் வைங்க. மோட்டார் பெட்டி, வாரண்டி கார்டு, பெயிண்ட் எதுவும் வேண்டாம்.

மழையைவிட ஆத்துத் தண்ணிக்குத்தான் நான் பயப்படுவேன். 2024-ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்துச்சு. இங்கே மழை விட்டுடுச்சுன்னு எல்லாரும் மூச்சு விட்ட பிறகுதான் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர்ப் பக்கம் புகுந்துச்சு. அதனால நம்ம ஊர் வானத்தை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க. திருவண்ணாமலைப் பக்கம் கனமழைன்னு நியூஸ் வந்தா, சாத்தனூர்ல எவ்வளவு திறக்கிறாங்கன்னு பாருங்க. எச்சரிக்கை வந்த அன்னிக்கே கீழ்த்தட்டு எலெக்ட்ரிக்கல் சாமானை மேலே ஏத்திடுங்க. வெளியில இருக்கிற காலி டேங்கைக் கயித்தால கட்டுங்க, காத்துல பறந்தா பக்கத்து வீட்டு ஓட்டை உடைக்கும். தார்ப்பாய் ஆறு இருக்கு, நாலுதான் நல்லது.

கம்ப்யூட்டர் ஸ்டாக்கும் தரை ஸ்டாக்கும் ஒத்துப்போகாத இடம் ஒண்ணுதான்: முக்கால் இன்ச் எல்போ, டீ, கப்ளர். கவுண்ட்டர் பையன்கள் ஒண்ணு ரெண்டு எடுத்துக் கொடுத்துட்டு எழுத மாட்டாங்க. அங்கே நோட்டு தொங்கவிட்டிருக்கேன், பேனாவைத்தான் காணோம். மாசக் கடைசியில எண்ணிச் சரிபண்ணுங்க, அதுக்காக யார்கிட்டயும் சண்டை வேண்டாம். மோட்டார்ல ஒண்ணு குறைஞ்சா மட்டும் அன்னிக்கே முதலாளிக்குச் சொல்லிடணும்.

பைப்பை வெளியில வெயில்ல போட்டா நிறம் மங்கும், வளையும். இடம் இல்லைன்னா ரெண்டு நாள், அதுவும் மூடித்தான். அடுக்கு நெஞ்சு உயரத்துக்கு மேல போகக்கூடாது. சாக்கெட் முனையை ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி அடுக்குங்க.

ஆட்கள்

ஏழுமலை கூட ஆறு பேர். லோடு கணக்குல கூலி, ரேட் ஷீட் சுவத்துல ஒட்டியிருக்கு. ராத்திரி ஏழுக்கு மேல இறக்கினா ஒண்ணரை மடங்கு. அதை அன்னன்னிக்கே கொடுத்துடுங்க, சனிக்கிழமைக்குத் தள்ளாதீங்க. அடுத்த ராத்திரி லோடுக்கு ஆள் வரணும்ல. அவரை எல்லார் முன்னாடியும் சத்தம் போடாதீங்க. தனியாக் கூப்பிட்டுச் சொன்னா எந்தத் தப்பையும் ஒத்துக்குவார்.

எடை மேடை ரசீதுகளை மாசவாரியாக் கட்டி அலமாரியில வச்சிருக்கேன். பின்பக்க ஷட்டர் சாவி ஒண்ணு முதலாளி வீட்ல இருக்கு, மூணாவது சாவி கிடையாது. கேமரா நாலுல கேட் பக்கம் இருக்கிறது ராத்திரியில சரியாத் தெரியாது, ஆள் வரச் சொல்லியிருக்கு.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோட்டார் ரேக்குலேர்ந்து எண்ண ஆரம்பிப்போம், அடுத்தது பைப். வியாழக்கிழமை லோடு வர்றதுக்குள்ள முடிச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடணும். சாப்பாடு கட்டிட்டு வந்துடுங்க, மதியம் வெளியே போக நேரம் இருக்காது.

முருகேசன்
குடோன் சூப்பர்வைசர்