உன் அப்ரைசல் பாரா, திருத்தியது

தம்பி,

நீ அனுப்பிய இரண்டையும் படித்தேன். முதலில் எழுதியது இது:

“கடந்த ஓராண்டாக மிகுந்த அர்ப்பணிப்போடு பணியாற்றினேன். தரத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. நான் பொறுப்புக்கு வந்த பிறகு டிஃபெக்ட் பாதியாகக் குறைந்தது. பையர் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாமே பாஸ். டெய்லர்களின் திறமையை உயர்த்தினேன். நான் லீவில் போனால் லைன் தடுமாறும் என்பது எல்லாருக்கும் தெரியும்.”

அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள் என்று ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதியது:

“கொடுத்த வேலையை முடிந்தவரை சரியாகச் செய்தேன். டிஃபெக்ட் ஓரளவு குறைந்தது. இதில் எல்லாருடைய ஒத்துழைப்பும் உண்டு. நான் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

முதலாவதைப் படித்தால் ஜி.எம். புருவத்தைத் தூக்குவார். இரண்டாவதைப் படித்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஆனால் இரண்டிலுமே நீ ஜூலையில் என்ன செய்தாய் என்பது இல்லை. நேற்று போனில் அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னாயே, அந்த ஊசி நோட்டுக் கதை, அதுதான் உன் அப்ரைசல். நீ சொன்னதையும் ரிஜிஸ்டர் போட்டோக்களையும் வைத்து எழுதியிருக்கிறேன்:

“2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நான்காவது, ஐந்தாவது லைன்களின் இன்லைன் செக்கிங் என் பொறுப்பில் இருந்தது. நான்காவது லைனில் ஓடிய போலோ டி-ஷர்ட்டில் ஏப்ரல்–ஜூன் மாதங்களில் நூறு பீஸுக்குச் சராசரியாக 9.2 டிஃபெக்ட் வந்தது. அந்த மூன்று மாத ரிஜிஸ்டரைத் தவறுவாரியாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். பத்து டிஃபெக்டில் நான்கு, பாட்டம் ஹெம்மில் விழுந்த ஸ்கிப் ஸ்டிச். பேட்லாக் மெஷின்களில் ஊசி உடைந்தால் மட்டுமே மாற்றும் பழக்கம் இருந்தது. ஜூலையிலிருந்து ஷிஃப்ட் தொடங்கும்போதே ஊசி முனையைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றி, மெஷின் நம்பரோடு நோட்டில் எழுத வைத்தேன். லூப்பர் செட்டிங்கை மெக்கானிக் சரிசெய்து கொடுத்தார். இதோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டெய்லரிடமும் ஏழு பீஸ் எடுத்துப் பார்த்தேன். தவறு இருந்தால் மெஷினில் சிவப்பு அட்டையை மாட்டி, சரியான பிறகே அடுத்த பண்டிலைத் தைக்க விட்டேன். 2025 ஜனவரி–மார்ச்சில் அதே ஸ்டைலில் சராசரி 5.6. முந்தைய ஆண்டு இந்த இரண்டு லைன்களிலிருந்து போன 24 லாட்டில் 5, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் முதல் தடவை ஃபெயிலாயின. இந்த ஆண்டு 26 லாட்டில் 1. அக்டோபரில் ஃபெயிலான அந்த லாட்டில் ஷேடு கலந்துவிட்டது. ஸ்டிக்கர் உதிர்ந்த பண்டில்களை நிறுத்தாமல் தைக்க விட்டது என் தவறு. அதன் பிறகு ஸ்டிக்கர் இல்லாத பண்டிலை லைனுக்குள் ஏற்றுவதில்லை. இரண்டு ஹெல்பர்களை இந்தச் செக்கிங்குக்குப் பழக்கியிருக்கிறேன். நவம்பரில் நான் ஆறு நாள் விடுப்பில் இருந்தபோது அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரத்தில் நான்காவது லைனின் சராசரி 6.1.”

இவ்வளவுதான். ‘அர்ப்பணிப்பு’ என்ற வார்த்தையைத் தேடாதே, எடுத்துவிட்டேன். மூன்று மாத ரிஜிஸ்டரை உட்கார்ந்து கூட்டியவனுக்கு அது தேவையில்லை.

‘பாதியாகக் குறைந்தது’ என்பதைத்தான் முதலில் அடித்தேன். 9.2 பாதியானால் 4.6. நீ வந்து நிற்பது 5.6இல். கிட்டத்தட்ட 39 சதவீதம் குறைவு, அதுவே நல்ல வேலை. ஜி.எம். கால்குலேட்டரும் கையுமாக உட்காருகிற ஆள். ஓர் இடத்தில் கணக்கு தப்பினால் மற்ற நம்பரையும் சந்தேகப்படுவார். சதவீதமே போடாமல் இரண்டு நம்பரையும் அப்படியே வைத்துவிட்டேன், அவரே கழித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாவது லைனின் சராசரி இன்னும் அழகாக இருக்கிறதே, அதை ஏன் விட்டேன் என்று கேட்பாய். ஜனவரியில் அந்த லைனுக்கு வெறும் ரவுண்ட் நெக் வந்தது. பிளாக்கெட் இல்லை, காலர் இல்லை. டிஃபெக்ட் தானாகவே இறங்கும். அதை உன் கணக்கில் எழுதினால் லைன் சூப்பர்வைசரே மீட்டிங்கில் சொல்லிக்காட்டுவார். நான்காவது லைனில் வருஷம் முழுக்க ஒரே ஸ்டைல், அங்கே யாரும் வாய் திறக்க முடியாது.

‘எல்லாமே பாஸ்’ பொய் என்பது உனக்கே தெரியும். அது போக, 2.5 ஏ.க்யூ.எல்.லில் 200 பீஸ் எடுத்துப் பார்த்தால் மேஜர் டிஃபெக்ட் 10 வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். உன் ஆகஸ்ட் லாட் ஒன்று சரியாகப் பத்தில் தப்பியிருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் ஜி.எம். கையெழுத்தும் இருக்கிறது. அக்டோபர் ஃபெயிலை நீ மறைத்தால் அவர் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவார். நீயே எழுதிவிட்டால் பேச்சு ஸ்டிக்கர் விஷயத்துக்குப் போகும். ‘கட்டிங் செக்‌ஷன் ஸ்டிக்கரைச் சரியாக ஒட்டவில்லை’ என்று ஒரு வரி சேர்க்க உனக்குக் கை அரிக்கும். உண்மைதான், ஆனால் இந்தப் படிவத்தில் வேண்டாம்.

‘எல்லாருடைய ஒத்துழைப்பும்’ என்பதற்குப் பதிலாக மெக்கானிக் வந்திருக்கிறார், கவனித்தாயா? லூப்பரைத் திருப்பியது அவர், ஊசி நோட்டைப் போட்டது நீ. யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொன்னால் அவருக்கும் மரியாதை, உன் பங்கும் கரையாது. ‘டிஃபெக்ட் ஓரளவு குறைந்தது’ என்று நீ எழுதிய இடத்தில் யார் குறைத்தது என்றே தெரியவில்லை, அதனால் ‘எழுத வைத்தேன்’, ‘பார்த்தேன்’ என்று மாற்றினேன். ‘ன்’ போட்டு முடித்தால் திமிர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கடைசி வரி. ‘நான் லீவில் போனால் லைன் தடுமாறும்’ என்று எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் எழுதினாய், ஆனால் இவனை இந்த லைனிலிருந்து நகர்த்த முடியாது என்றுதான் மேலே படிப்பார்கள். உனக்கு வேண்டியது நான்கு லைன் பார்க்கிற க்யூ.ஏ. இன்சார்ஜ் போஸ்ட். நீ இல்லாமல் ஆறு நாள் ஓடி, 6.1இல் நின்றது என்பதுதான் அதற்குச் சாட்சி. 5.6ஐவிடக் கொஞ்சம் கூடத்தான். இருக்கட்டும், மாற்றாதே.

டெய்லர்களின் திறமையை உயர்த்தியதை எடுத்ததில் வருத்தப்படாதே. எத்தனை பேர், எந்த ஆபரேஷன் என்று கேட்டதற்கு நீ “எல்லாருக்கும்தான் அக்கா” என்றாய். அடுத்த வருஷம் பெயர் எழுதி வை, அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம் பாக்கி. ஊசி நோட்டின் முதல் பக்கப் போட்டோவில் 8.7.2024 என்று தெரிகிறது, ஆனால் நீ ஜூலை 1 என்றாய். ‘ஜூலையிலிருந்து’ என்று பொதுவாக எழுதியிருக்கிறேன், ஆனாலும் மீட்டிங்கில் கேட்டால் நோட்டில் இருக்கிற தேதியையே சொல். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஹெச்.ஆரிடம் கொடுத்துவிடு, படிவத்தில் கையெழுத்துப் போட மறக்காதே. போன வருஷம் மறந்தாய்.

அக்கா