பம்பு செட் கையேடு: தமிழாக்கப் பணி நிபந்தனைகள்
கோயம்புத்தூர், 10 மார்ச் 2025

உங்கள் நீர்மூழ்கி மோட்டார் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க நான் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகள் இவை. சம்மதம் என்று மின்னஞ்சலில் பதில் வந்து, முன்பணமும் சேர்ந்த பிறகே வேலை தொடங்கும்.

வேலையின் அளவு
மூலத்தில் 12,400 சொற்கள். வரைபடக் குறிப்புகளும் எச்சரிக்கை வாசகங்களும் இதில் அடங்கும். உத்தரவாத அட்டையும் விளம்பரத் தாளும் அடங்கா. முதல் வாரத்தில் 60 கலைச்சொற்களின் பட்டியல் அனுப்புவேன். மோட்டாரை 'மின்னோடி' என்று எழுதினால் மெக்கானிக் கையேட்டை மூடிவிடுவார். அதனால் காயில், பேரிங், இம்பெல்லர் போன்றவை புழக்கத்தில் உள்ளபடியே வரும். நீங்கள் ஒப்புதல் தந்த சொல்லைப் பின்னர் மாற்றச் சொன்னால் அது கூடுதல் வேலை. முதல் வரைவு ஏப்ரல் 7 அன்று யூனிகோடில் வரும்.

திருத்தம்
இரண்டு சுற்று, கட்டணத்துக்குள். வரைவு கிடைத்த 10 நாளுக்குள் சர்வீஸ், விற்பனை இரு பிரிவினரின் கருத்துகளையும் ஒருவரே தொகுத்து ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும். ஒருவர் சேர்த்ததை மற்றவர் நீக்கும் பஞ்சாயத்துக்கு நான் வரமுடியாது. மூன்றாம் சுற்றிலிருந்து மணிக்கு ₹600. மூலமே மாறினால் அது திருத்தமல்ல, புதுச் சொற்களாகக் கணக்கிடப்படும். என் பிழைகளுக்கு மட்டும் சுற்றுக் கணக்கு கிடையாது. எப்போது காட்டினாலும் இலவசமாகத் திருத்துவேன்.

பக்க வடிவமைப்பில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிவது வழக்கம். எனவே அச்சுக்கு முன் பி.டி.எஃப். பிரதியை ஒருமுறை எனக்குக் காட்டுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

கட்டணம்
மூலச் சொல்லுக்கு ₹2.50, மொத்தம் ₹31,000. முன்பணம் ₹12,400, முதல் வரைவின்போது ₹9,300, இறுதிப் பிரதி தந்த 15 நாளுக்குள் ₹9,300. நான் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவன் அல்லன். பில்லில் அந்த வரி இருக்காது. டி.டி.எஸ். பிடித்தால் சான்றிதழ் தர வேண்டும். தாமதமாகும் தொகைக்கு மாதம் 1.5% வட்டி. இடையில் நிறுத்தினால் அதுவரை முடித்த சொற்களுக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் அதில் கழியும். முழுப்பணம் வந்ததும் தமிழாக்கத்தின் பதிப்புரிமையை உங்களுக்கு எழுத்துமூலம் மாற்றித் தருவேன்.

இரகசியம்
வெளிவராத மாடல்களின் விவரம் என் கணினியைத் தாண்டாது. வேறொருவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கமாட்டேன். கடைசித் தொகை வந்த 90 நாளில் கோப்புகளை அழித்துவிடுவேன். கையேடு சந்தைக்கு வந்த பிறகு, இதைத் தமிழாக்கியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் எனக்கு வேண்டும்.

பொறுப்பின் எல்லை
வோல்டேஜ், ஆம்பியர், வயர் நிற எண்களை மூலத்தில் உள்ளபடியே தருவேன். சந்தேகம் எழுந்தால் கேட்பேன். மூலத்தின் தவறுக்கும், என்னிடம் காட்டாமல் செய்த மாற்றத்துக்கும் நான் பொறுப்பல்ல. எர்த்திங், இன்சுலேஷன் பகுதிகளை உங்கள் பொறியாளர் படித்துக் கையெழுத்திட்ட பின்னரே அச்சுக்கு அனுப்ப வேண்டும். என் பிழையால் இழப்பு வந்தாலும் நான் தரக்கூடிய ஈடு ₹31,000-ஐத் தாண்டாது.

தகராறு வந்தால் முதலில் நேரில் பேசுவோம். தீராவிட்டால் கோயம்புத்தூர் நீதிமன்றம்.