கீரை நார் போன தூரம்

மதிய மணி அடித்தது. மூன்றாம் வகுப்பு யாழினி தட்டோடு வரிசையில் நின்றாள். சூடான சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு, ஒரு அவித்த முட்டை. கூட்டின் மேல் தாளித்த எண்ணெய் பளபளத்தது.

முதல் கவளத்தில் நான்கு பேர் சேர்ந்தே வாய்க்குள் போனார்கள்: சோற்றுப் பருக்கை, முட்டைத் துண்டு, எண்ணெய்ச் சொட்டு, கீரை நார்.

"கடைசி வரைக்கும் ஒண்ணாவே போகலாம், சரியா?" என்றது பருக்கை.

கறுக், மொறுக்! முன்பற்கள் வெட்டின. கடைவாய்ப் பற்கள் அரைத்தன. எங்கிருந்தோ உமிழ்நீர் ஊறி வந்து நால்வரையும் நனைத்தது.

"ஐயோ, நான் கரையறேன்! என் உடம்பு இனிக்குதே!" என்று கத்தியது பருக்கை.

ஆமாம். சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அதை உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் இன்று ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். இனிப்பு தெரியும்.

நாக்கு எல்லாவற்றையும் உருட்டிப் பின்னால் தள்ளியது. தொண்டையில் இரண்டு வழிகள். ஒன்று காற்றுக்கு, ஒன்று சோற்றுக்கு. விழுங்கும்போது காற்றின் வழியைக் குரல்வளை மூடி என்ற சின்ன மடல் டப்பென்று மூடிக்கொண்டது. சாப்பிடும்போது சிரித்தாலோ பேசினாலோ சில நேரம் அது மூடுவதற்குள் ஒரு பருக்கை அந்தப் பக்கம் போகப் பார்க்கும். அப்போதுதான் நமக்குப் புரை ஏறுகிறது.

நால்வரும் உணவுக்குழாயில் இறங்கினார்கள். சும்மா விழவில்லை. குழாயின் தசைகள் பின்னாலிருந்து பிதுக்கிப் பிதுக்கித் தள்ளின. அதனால்தான் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் சோறு வயிற்றுக்குப் போய்விடும். சில நொடிகளில் தொப்! இரைப்பைக்குள் வந்துவிட்டார்கள்.

அங்கே ஒரே புளிப்பு. இரைப்பை சுருங்கி, விரிந்து, எல்லோரையும் கடைந்தது. சுவரிலிருந்து அமிலம் சுரந்தது. இப்போது அலறியது முட்டைத் துண்டு.

"என்னைப் பிரிக்குது! பிரிக்குது!"

முட்டையில் இருப்பது புரதம். அதை உடைக்கும் வேலை இரைப்பையில்தான் தொடங்கும். இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையையே தின்றுவிடாதா? தின்னாது. உள்சுவரில் வழவழப்பான சளிப் படலம் ஒன்று காவலுக்கு இருக்கிறது.

சில மணி நேரத்தில் எல்லாம் கூழாகிவிட்டது. எண்ணெய்ச் சொட்டு மட்டும் ஒட்டாமல் மிதந்தது. "என்னை யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றது அது.

கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் போனது. கல்லீரல் செய்து, பித்தப்பை சேர்த்து வைத்திருந்த பச்சை மஞ்சள் நிறப் பித்தநீர் அங்கே வந்து இறங்கியது. எண்ணெய்ச் சொட்டு ஆயிரம் பொடிச் சொட்டுகளாகச் சிதறியது! பின்னாலேயே கணைய நீர் வந்தது. எண்ணெய், முட்டை, சோறு மூன்றையும் அதுவும் குடல் நீரும் சேர்ந்து முழுதாக உடைத்துவிட்டன.

சிறுகுடல் வளைந்து வளைந்து போனது. பெரியவர்களுக்கு அது சுமார் 6 மீட்டர், ஏறக்குறைய ஒரு சேலை நீளம். அத்தனை நீளமும் யாழினியின் குட்டி வயிற்றுக்குள் எப்படி இருக்கும்? அவளுடையது கொஞ்சம் குறைவு, அதுவும் மடங்கி மடங்கி இருக்கிறது. அதன் சுவரெல்லாம் விரல் போலக் குட்டிக் குட்டிக் குடலுறிஞ்சிகள்.

"நான் இங்கேயே இறங்கறேன்" என்றது சர்க்கரையாகிவிட்ட பருக்கை. குடலுறிஞ்சி அதை உறிஞ்சி ரத்தத்தில் விட்டது. மாலையில் யாழினி கபடி ஆடினாளே, அவள் காலுக்கு அந்தச் சர்க்கரையும் பலம் தந்தது. முட்டையின் புரதத் துணுக்குகளும் ரத்தத்தில் ஏறின. அவள் முழங்காலில் போன வாரம் விழுந்த சிராய்ப்பு ஆற அவை வேண்டும். பொடிச் சொட்டாகிய எண்ணெயும் கிளம்பிவிட்டது.

கீரை நார் மட்டும் தனியாக நின்றது. "என்னை ஏன் யாரும் உடைக்கலை?"

நாரை உடைக்கும் சாறு நம் உடம்பில் இல்லை. அதனால் அது பெருங்குடல் வரை போனது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்தன. "வா, வா! உனக்காகத்தான் காத்திருந்தோம்" என்று நாரில் ஒரு பங்கைத் தின்றன. பெருங்குடல் மிச்சத்திலிருந்த தண்ணீரை உறிஞ்சியது. உறிஞ்சினாலும் கழிவு கல்லாக இறுகிவிடவில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை மென்மையாக வைத்திருந்தது நார்தான்.

அந்த இரவு முழுவதும் நார் நகர்ந்தது. அடுத்த நாளும் நகர்ந்தது. அதற்கு அடுத்த நாள் காலை யாழினி கழிப்பறைக்குப் போனாள். முக்கவில்லை, முனகவில்லை. மிச்சமிருந்த நார் மலத்தோடு சுலபமாக வெளியே வந்தது. யாழினி தண்ணீர் ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.