செப்டம்பர் 2025 நகல் இயந்திர வாடகை பில்: மன்னிப்பும் திருத்திய பில்லும்

தேதி: 14.10.2025
பெறுநர்: கணக்கு அலுவலர், வாடிக்கையாளர் எண் 2083
பொருள்: 30.09.2025 தேதியிட்ட 2526/0918 எண் பில்லைத் திருத்துவது

அன்புடையீர்,

மேற்கண்ட பில்லில் தங்களிடம் ரூ. 21,063 வசூலித்துவிட்டோம். தாங்கள் தர வேண்டியிருந்தது ரூ. 5,314 மட்டுமே. கூடுதலாக வாங்கிய ரூ. 15,749-ஐ, தாங்கள் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு இன்று நெஃப்ட் மூலம் திருப்பி அனுப்பியுள்ளோம். யூடிஆர் எண் மாலைக்குள் மின்னஞ்சலில் வரும். அடுத்த மாத பில்லில் கழித்துக்கொள்ளும்படி கேட்பது முறையல்ல என்பதால் பணமாகவே தருகிறோம்.

தங்கள் அலுவலகத்தில் இருக்கும் இயந்திரத்தின் வரிசை எண் 4417-இல் முடிகிறது. மீட்டர் கணக்கைப் பதிவு செய்தபோது கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 4471 என்று ஏறிவிட்டது. அது வேறொரு வாடிக்கையாளரின் இயந்திரம். அதன் 38,000 நகல்கள் தங்கள் பெயரில் பில்லாகிவிட்டன. ஆகஸ்ட் பில்லில் தங்கள் முடிவு மீட்டர் 86,240. செப்டம்பர் பில்லிலோ தொடக்க மீட்டர் 2,14,300 என்று இருந்தது. இந்த இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் பில் வெளியே போயிருக்காது. எங்கள் மென்பொருளில் அந்தச் சரிபார்ப்பு இல்லை.

இதைவிட எங்களை வருத்துவது, 9ஆம் தேதி தாங்கள் தொலைபேசியில் கேட்டபோது, இயந்திரத்தைப் பார்க்காமலேயே "மீட்டர்படிதான் பில் போட்டிருக்கிறோம்" என்று பதில் சொன்னது. தங்கள் சந்தேகம் முற்றிலும் சரியானது. பில்லுக்காகவும் அந்தப் பதிலுக்காகவும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

நேற்று எங்கள் பொறியாளர் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, இயந்திரத்திலேயே மாதவாரி கணக்கு அறிக்கையை அச்சிட்டு, தங்கள் ஊழியரின் கையொப்பத்துடன் எடுத்து வந்தார். கீழே உள்ள பில் அந்த அறிக்கையின்படி போடப்பட்டது. 18ஆம் தேதி டிரம் மாற்றியபோது எடுத்த 60 சோதனை நகல்களையும் ஒப்பந்தப்படி கழித்திருக்கிறோம். பழைய பில்லில் அதுவும் விடுபட்டிருந்தது.

திருத்திய பில்
பில் எண்: 2526/1004, தேதி 14.10.2025 (2526/0918-க்கு மாற்றாக)
பெறுநர் முகவரி, ஜிஎஸ்டி எண்: முந்தைய பில்லில் உள்ளபடியே
சேவை: நகல் இயந்திர வாடகை, எஸ்ஏசி 9973
காலம்: 01.09.2025 முதல் 30.09.2025 வரை

| விவரம் | அளவு |
|---|---|
| தொடக்க மீட்டர் | 86,240 |
| முடிவு மீட்டர் | 94,640 |
| மொத்த நகல்கள் | 8,400 |
| கழிவு: சோதனை நகல்கள் | 60 |
| கழிவு: வாடகையில் அடங்கியவை | 5,000 |
| கட்டணத்துக்குரிய நகல்கள் | 3,340 |

| கட்டணம் | ரூ. |
|---|---|
| மாத வாடகை | 3,000.00 |
| கூடுதல் நகல்கள் 3,340 × 0.45 | 1,503.00 |
| வரிக்கு முந்தைய தொகை | 4,503.00 |
| சிஜிஎஸ்டி 9% | 405.27 |
| எஸ்ஜிஎஸ்டி 9% | 405.27 |
| முழு ரூபாயாக்கம் | 0.46 |
| மொத்தம் | 5,314.00 |
| பெற்றது | 21,063.00 |
| திருப்பி அனுப்பியது | 15,749.00 |

தங்கள் கணக்குப் புத்தகத்துக்காக ஒரு விவரம். பழைய பில்லை எங்கள் செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்கெனவே காட்டிவிட்டோம். அதனால் அதை அழிக்காமல், முழுத் தொகைக்கும் (ரூ. 17,850 + வரி ரூ. 3,213) கிரெடிட் நோட் சிஎன்-2526/031 போட்டு இத்துடன் இணைத்திருக்கிறோம். தங்கள் செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் ரூ. 3,213 உள்ளீட்டு வரி தெரியும். கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் அக்டோபர் மாதத்துக்கான 2பி-யில் ஒன்றாக வரும். ரூ. 3,213-ஐ எடுத்திருந்தால் அந்த மாதத்தில் அதைத் திருப்பிவிட்டு, ரூ. 810.54-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பில்லைக் கிழித்துப் போட வேண்டாம். தணிக்கையின்போது மூன்று ஆவணங்களும் சேர்ந்திருந்தால்தான் கணக்கு புரியும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் மீட்டர் படம் மற்ற வாடிக்கையாளருடையது. அந்தப் பக்கத்தை மட்டும் தங்கள் கோப்பிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் மீட்டர் விவரம் அவர்களுக்குப் போகவில்லை என்பதைச் சரிபார்த்துவிட்டோம். அவர்களுக்குத் தனியே எழுதியிருக்கிறோம்.

இந்த மாதம் முதல், தொடக்க மீட்டர் முந்தைய மாத முடிவு மீட்டருடன் ஒத்துப்போகாத எந்த பில்லும் மென்பொருளிலேயே நின்றுவிடும். முந்தைய 3 மாத சராசரியைப் போல் இரு மடங்கு தாண்டினால், இன்னொருவர் மீட்டர் படத்தைத் திறந்து பார்த்த பிறகே அனுப்புவோம். தொகை குறித்து வாடிக்கையாளர் யார் கேட்டாலும், படத்தைப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது என்றும் ஊழியர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்திருக்கிறோம்.

மூன்று வேலை நாட்களுக்குள் பணம் வந்து சேராவிட்டாலோ, மேலே உள்ள எண்களில் ஏதாவது தங்கள் பதிவோடு பொருந்தாவிட்டாலோ, இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். அது நேராக எனக்கு வரும்.

இப்படிக்கு,
மேலாளர், கணக்குப் பிரிவு

இணைப்பு: கிரெடிட் நோட் சிஎன்-2526/031, கையொப்பமிட்ட மீட்டர் அறிக்கை, 18.09.2025 பழுதுபார்ப்புச் சீட்டு